செயற்குழுவிடம் மென்பொருள் திட்டத்தின் நிலவரத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு தொண்டு அமைப்புக்குப் புதிய நன்கொடை மென்பொருள் அமைக்கும் பணியைக் கவனித்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை செயற்குழுவிடம் நிலவரம் சொல்ல வேண்டும். பொருளாளர் கணக்குத் துறையைச் சேர்ந்தவர். மற்றவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள். நான் பேசி முடித்ததும் "எல்லாம் நல்லபடியாப் போகுதுதானே தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல்கள் இருக்கின்றன, அவர்கள் முடிவெடுக்க வேண்டியவையும் இருக்கின்றன. தொழில்நுட்பச் சொற்கள் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்:

கூட்டம் முடிந்து எல்லாரும் எழும்போது செயற்குழு எதைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அந்த வாக்கியமே அறிக்கையின் முதல் வரி. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அந்தத் தீர்மானத்தை எடுப்பதற்கு அவர்களுக்குத் தேவையானதாக மட்டுமே இருக்க வேண்டும். பெரும்பாலான நிலவர அறிக்கைகள் இதற்கு நேரெதிராக எழுதப்படுகின்றன. கடந்த மாதம் என்னென்ன வேலை நடந்தது என்று தொடங்கி, எத்தனை விழுக்காடு முடிந்தது என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் "சில சிக்கல்கள்" என்று முடிகின்றன. கேட்பவர்கள் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது தேநீர் வந்திருக்கும்.

நீங்கள் இப்போது சொல்லிவரும் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன்: "பேமென்ட் கேட்வே இன்டகிரேஷன் முடிந்துவிட்டது. யுஏடி நடந்துகொண்டிருக்கிறது. டேட்டா மைக்ரேஷனில் சில டேட்டா குவாலிட்டி இஷ்யூஸ் இருக்கின்றன, வெண்டரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். மொத்தத்தில் 85 விழுக்காடு முடிந்துவிட்டது." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் "எல்லாம் நல்லபடியாப் போகுதுதானே" என்ற கேள்வியைத் தவிர வேறு எதையும் கேட்க இந்த அறிக்கை இடம் தரவில்லை. ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு "தரவு இடமாற்றத்தில் தரச் சிக்கல்கள்" என்று தமிழில் சொன்னாலும் இதே நிலைதான். சொல் கடினமாக இருப்பது இங்கே சிறிய குறை. அந்தச் சிக்கலால் யாருக்கு, எப்போது, என்ன ஆகும் என்பது அறிக்கையில் எங்குமே இல்லாததுதான் பெரிய குறை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. சூழல் உங்களுடையதை ஒத்தது. அமைப்பிடம் 6,200 நன்கொடையாளர்களின் பழைய பதிவுகள் இருக்கின்றன. நவம்பர் 17 அன்று புதிய மென்பொருளுக்கு மாறுவதாகத் திட்டம். முன்னோட்டமாகப் பழைய பதிவுகளை ஏற்றிப் பார்த்தபோது, அடையாள அட்டை எண் இல்லாத அல்லது தவறாக இருக்கும் 840 பதிவுகளைப் புதிய மென்பொருள் ஏற்க மறுக்கிறது. இதைத்தான் திட்டக் குழுவினர் "டேட்டா குவாலிட்டி இஷ்யூ" என்கிறார்கள்.

இந்த 840 என்ற எண்ணை அப்படியே செயற்குழுவிடம் கொண்டுபோகாதீர்கள். அதற்கு முன் நீங்களே உங்களிடம் "இதனால் என்ன?" என்று கேளுங்கள், கிடைக்கும் பதிலுக்கும் அதே கேள்வியைப் போடுங்கள். பணம் யாருடையது, கெடு எது, யார் வருத்தப்படுவார் என்ற இடத்துக்கு வந்து சேரும்வரை விடாதீர்கள். எண் தவறாக இருந்தால் பதிவு ஏறாது. ஏறாவிட்டால் என்ன? ஜனவரியில் தயாராகும் கோப்பில் அந்த நன்கொடை இருக்காது. இல்லாவிட்டால் என்ன? இந்த இடத்தில் விஷயம் செயற்குழுவுக்கு நன்கு தெரிந்த ஒன்றாக மாறுகிறது. வரிக்கழிவுக்குத் தகுதிபெற்ற பொதுநல அமைப்புகள், ஓர் ஆண்டில் பெற்ற நன்கொடைகளின் விவரங்களை அடுத்த ஆண்டு ஜனவரி 31க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். நன்கொடையாளரின் அடையாள எண் அதில் சரியாக இருந்தால்தான் நன்கொடையின் இரண்டரை மடங்கு அளவுக்கான வரிக்கழிவு அவர் கணக்கில் தானாகச் சேரும். ஆக, 500 வெள்ளி கொடுத்த ஒருவருக்கு 1,250 வெள்ளிக்கான கழிவு கிடைக்காமல் போகும். அவர் செயலாளரைத் தொலைபேசியில் அழைப்பார். "டேட்டா குவாலிட்டி" என்றபோது தலையாட்டிய பொருளாளர், இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார்.

இப்படிப் பின்தொடர்ந்து போவதில் இன்னொரு பலனும் உண்டு, அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். விளைவு தெளிவானவுடன் சிக்கலின் அளவும் மாறிவிடுகிறது. ஜனவரிக் கோப்பில் இந்த ஆண்டு நன்கொடை கொடுத்தவர்கள் மட்டும்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் அந்த 840 பேரில் இந்த ஆண்டு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நமது எடுத்துக்காட்டில் அது 310 என்று வைத்துக்கொள்வோம். மீதி 530 பதிவுகள் பழையவை. அவற்றை அடுத்த ஆண்டு ஆற அமரச் சரிசெய்யலாம். தொழில்நுட்பக் குழுவுக்கு 840 என்பதே சரியான எண். செயற்குழுவுக்கு 310தான் சரியான எண்.

அடுத்து, 310 பேரை என்ன செய்வது? அலுவலகத்திலிருந்து அழைத்துக் கேட்க வேண்டும். இருபது பேரை அழைத்துப் பார்த்ததில், எடுக்காதவர்களை மறுபடி அழைப்பதையும் சேர்த்து, ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆயிற்று என்றால், மொத்தம் 3,100 நிமிடம், அதாவது சுமார் 52 மணி நேரம். இரண்டு ஊழியர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 13 வேலைநாள். அக்டோபர் நடுவில் தொடங்கினால், இடையில் ஒரு பொது விடுமுறை வந்தாலும் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். அந்த ஊழியர்கள் உங்கள் பொறுப்பில் இல்லாதவர்கள், செயலாளரின் கீழ் வேலை செய்பவர்கள். எனவே இது உங்களால் எடுக்க முடியாத முடிவு; செயற்குழுவிடம் போக வேண்டிய முடிவு இதுதான்.

இதுவரை சேர்ந்ததை வைத்து அக்டோபர் அறிக்கையை இப்படி எழுதலாம்:

> இன்று தேவைப்படும் முடிவு: அலுவலக ஊழியர் இருவரை, அடுத்த மூன்று வாரங்களுக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரம் நன்கொடையாளர்களைத் தொலைபேசியில் அழைக்க ஒதுக்க வேண்டுகிறோம்.
>
> காரணம்: இந்த ஆண்டு நன்கொடை அளித்தவர்களில் 310 பேரின் அடையாள எண் நம் பதிவில் இல்லை அல்லது தவறாக உள்ளது. மாறும் நாளான நவம்பர் 17க்குள் அவற்றைச் சரிசெய்யாவிட்டால், ஜனவரி 31க்குள் வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் விவரத்தில் அவர்கள் விடுபடுவார்கள், வரிக்கழிவு கிடைக்காது.
>
> மாற்று வழி: புதிய மென்பொருளுக்கு மாறுவதைப் பிப்ரவரி நடுவுக்குத் தள்ளி, பழைய மென்பொருளிலேயே ஆண்டை முடிப்பது. பழைய மென்பொருளின் உரிமத்தை மூன்று மாதம் நீட்டிக்க 4,500 வெள்ளி ஆகும். நவம்பர் 15க்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும்.
>
> எங்கள் பரிந்துரை: முதல் வழி. நவம்பர் 5 அன்று 60 பேருக்கு மேல் மீதி இருந்தால் இரண்டாம் வழிக்கு மாறுவோம். அந்த முடிவைத் தலைவரும் பொருளாளரும் எடுக்க இன்றே அனுமதி வேண்டுகிறோம்.
>
> மற்றவை: பேநவ் வழியாகப் பணம் பெறுவதும் ரசீது அனுப்புவதும் சோதனையில் சரியாக நடக்கின்றன. செலவு, ஒப்புக்கொண்ட தொகைக்குள் இருக்கிறது.

அரைப் பக்கம்தான். கடைசிப் பத்தியில் மாத உழைப்பு முழுவதும் இரண்டு வரியில் அடங்கிவிட்டதே என்று உங்கள் குழுவினருக்குச் சற்று வருத்தமாக இருக்கும். இருக்கட்டும். அவர்களுக்குப் பாராட்டு வாங்கித் தர வேறு இடம் உண்டு.

இந்த அறிக்கையில் நான்காவது பத்தியை மட்டும் கூர்ந்து பாருங்கள், ஏனெனில் பலரும் விட்டுவிடும் பகுதி அது. "நிலைமையைத் தொடர்ந்து கண்காணிப்போம்" என்று எழுதுவதே வழக்கம். அதற்கு, யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று பொருள். அதற்குப் பதிலாக இங்கே ஒரு நாளும் ஓர் எண்ணும் ஓர் அதிகாரமும் இருக்கின்றன. நவம்பர் 5 என்பது நினைத்தபடி வைத்த தேதி இல்லை. உரிமத்தை நீட்டிக்கச் சொல்லும் கடைசி நாள் நவம்பர் 15; அதற்குமுன் இருவரும் பேசி, கடிதம் அனுப்பப் பத்து நாள் வேண்டும். 60 என்ற எண்ணும் அப்படித்தான்: அந்த அளவுக்குள் இருந்தால் ஜனவரியில் பொருளாளரும் ஊழியர்களும் கையாலேயே சரிசெய்துவிட முடியும், அதற்கு மேல் முடியாது. மாதம் ஒருமுறை மட்டுமே கூடும் குழுவிடம் அடுத்த கட்ட முடிவுக்கான அதிகாரத்தையும் இப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நவம்பர் 5 அன்று நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேரின் சம்மதத்துக்காகக் காத்திருப்பீர்கள்.

விழுக்காடுகளைப் பற்றி. "85 விழுக்காடு முடிந்துவிட்டது" என்பதைக் கேட்பவர், மீதி 15 விழுக்காட்டுக்கு இதுவரை ஆன காலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது என்று கணக்குப் போடுவார். வீட்டுப் புதுப்பிப்பில் அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். மென்பொருளில் கடைசிப் பகுதியில்தான் பழைய பதிவுகளும் உண்மையான பயனாளர்களும் ஒப்பந்தத்தில் எழுதாத விதிவிலக்குகளும் வந்து சேர்கின்றன. ஆகவே அந்த எண் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முடிந்தது, முடியவில்லை என்று இரண்டே நிலைகளில் சொல்லக்கூடிய செய்திகளைச் சொல்லுங்கள்: "பேநவ் வழியாக வந்த ஒரு நன்கொடைக்கு ரசீது தானாகப் போனது, நம் ஊழியரே செய்து பார்த்தார்." இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடும் வழக்கமும் இதே ஆபத்து உடையது. வெளியே பச்சையும் வெட்டினால் சிவப்புமாக இருக்கும் இத்தகைய அறிக்கைகளுக்குத் திட்ட மேலாளர்கள் தர்பூசணி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நிறம் வேண்டும் என்று தலைவர் கேட்டால் கொடுங்கள். ஆனால் பொருளை முன்பே எழுதிவையுங்கள். செயற்குழு எதுவும் செய்யத் தேவையில்லை என்றால் பச்சை, ஒரு முடிவு எடுத்தால் தேதியும் செலவும் தப்பும் என்றால் மஞ்சள், எந்த முடிவு எடுத்தாலும் இரண்டில் ஒன்று தப்பாது என்றால் சிவப்பு. உங்கள் மனநிலைக்கேற்ப நிறம் மாறுவதை இது தடுக்கும்.

இது வெறும் எழுத்து நேர்த்தி பற்றிய விஷயம் அல்ல என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு நல்ல பாடம். 2018 ஏப்ரலில் அது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினித் தளத்துக்கு மாற்றியது. பதிவுகள் சரியாகவே இடம் மாறின. ஆனால் புதிய தளம் உடனே தடுமாறத் தொடங்கியது. பல லட்சம் பேரால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை, வங்கி முழுமையாக இயல்புக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. பின்னர் வங்கியின் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரியும் தனிப்பட்ட முறையில் அபராதம் கட்ட நேர்ந்தது. தளத்தை அமைத்த நிறுவனம் "தயார்" என்று தந்த உறுதியை அவர் போதிய அளவு ஆராயவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம்: அந்த உறுதியின் சில பகுதிகள், வேலை முடிந்துவிட்டது என்று சொல்லாமல், முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பையே சொல்லின. எனவே உங்கள் மென்பொருள் நிறுவனம் "தயாராகிவிடும்" என்று எழுதியிருந்தால் அதைச் செயற்குழுவிடம் "தயார்" என்று சுருக்கிச் சொல்லாதீர்கள். "தயாராகிவிடும் என்று நிறுவனம் சொல்கிறது, நாங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை" என்று சொல்வதுதான் சரி. யார் சொன்னது, யார் பார்த்தது என்ற இந்த வேறுபாட்டை ஒவ்வொரு அறிக்கையிலும் காப்பாற்றுங்கள்.

எளிமையாகச் சொல்கிறேன் என்று ஆபத்தையே விட்டுவிடுவதும் நடக்கிறது. மேலே சொன்ன திட்டத்தில் அப்படி விடுபடக்கூடிய ஒன்று, சோதனைக்காக மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்த எக்செல் கோப்பு. அதில் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். இது தொழில்நுட்பக் குழுவின் உள்விவகாரம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு வெளியே கசிந்து 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரங்கள் போனால், அது அறிவிக்க வேண்டிய அளவிலான கசிவு என்று மதிப்பிட்ட மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அமைப்பே அறிவிக்க வேண்டும். பொறுப்பு உங்களோடு நிற்காது, அமைப்பின்மீது வரும். ஆகவே இதையும் முடிவாக மாற்றிக் கேளுங்கள்: "சோதனைக்கு உண்மையான விவரங்களுக்குப் பதிலாகக் கற்பனை விவரங்களைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறோம். அதனால் ஒரு வாரம் கூடுதலாகும். ஒப்புக்கொள்கிறீர்களா?" சட்டம் தெரியாதவர்களும் ஒரு வாரத்தின் விலையை எடைபோட முடியும்.

எந்தச் சொற்களை விடுவது, எவற்றை வைத்துக்கொள்வது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். அவர்கள் அன்றாடம் சொல்லும் சொல் என்றால் அது தொழில்நுட்பச் சொல்லானாலும் வைத்துக்கொள்ளலாம். பேநவ், சிங்பாஸ், கியூஆர் குறியீடு ஆகியவற்றைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவார். மற்றவற்றுக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், விளைவைச் சொல்லுங்கள். "பேக்கப் இன்னும் டெஸ்ட் செய்யவில்லை" என்பதற்குப் பேக்கப் என்றால் என்ன என்று மூன்று நிமிடம் வகுப்பெடுப்பதைவிட, "பதிவுகள் அழிந்துபோனால் நம்மால் மீட்க முடியுமா என்று இன்னும் செய்து பார்க்கவில்லை, மாறும் நாளுக்கு முன் பார்த்துவிடுவோம்" என்பது போதும்.

நம் குழுக்களில் ஒரு நுணுக்கம் உண்டு. வயதில் மூத்தவர்கள் நிறைந்த அறையில், ஒரு கெட்ட செய்தியை எல்லார் முன்னிலையிலும் முதன்முறையாகக் கேட்க நேர்வதைத் தலைவர் விரும்பமாட்டார். அதனாலேயே "பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்று மூடிவிடுவார். ஆகையால் இரண்டு நாள் முன்பே தலைவரையும் பொருளாளரையும் தனித்தனியாக அழைத்து, "ஐயா, இந்தக் கூட்டத்தில் ஒரு முடிவு கேட்கப்போகிறேன், அதற்கான காரணம் இது" என்று சொல்லிவிடுங்கள். இது ஒளித்துச் செய்யும் வேலையல்ல. அவர்கள் கேட்க நினைக்கும் கேள்வி உங்களுக்கும் முன்பே தெரிந்துவிடும். 4,500 வெள்ளியை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று பொருளாளர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்பதைக் கூட்டக் குறிப்பில் பாருங்கள். "மென்பொருள் பணி முன்னேறி வருவதாகத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் சேரவில்லை. "நவம்பர் 5 அன்று 60க்கு மேல் மீதி இருந்தால் தலைவரும் பொருளாளரும் ஒத்திவைப்பை முடிவு செய்வர்" என்று இருந்தால் சேர்ந்தது. செயலாளர் மறுக்கமாட்டார் என்றால், அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த மாத அறிக்கையை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள். "310 பேரில் 268 பேருடைய எண் சரியாகிவிட்டது, 42 பேர் மீதி" என்று. ஒரு மாதம் ஆபத்து என்று சொன்னதை அடுத்த மாதம் பேசாமல் விட்டால், அது தீர்ந்துவிட்டதா, மறந்துவிட்டீர்களா என்று அவர்களுக்குத் தெரியாது. முடிவு எதுவும் தேவைப்படாத மாதத்தில் "இம்மாதம் உங்களிடமிருந்து முடிவு எதுவும் தேவையில்லை" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தேவைப்படும் மாதத்தில் அவர்கள் கவனிப்பார்கள்.

எப்படியும் யாராவது ஒருவர் "சரி, மொத்தமா எப்ப முடியும்?" என்று கேட்பார். அந்த இடத்திலேயே ஒரு தேதியைச் சொல்லிவிடாதீர்கள். வாயிலிருந்து வந்த தேதி அன்றிரவே நன்கொடையாளர்களுக்குப் போய்விடும். "நவம்பர் 5 அன்று மீதி 60 பேருக்குள் இருந்தால் நவம்பர் 17, அதற்கு மேல் இருந்தால் பிப்ரவரி நடு. எது என்று நவம்பர் 6 அன்று எழுத்தில் சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள், சொன்னபடி 6ஆம் தேதி எழுதியும் அனுப்பிவிடுங்கள்.